பாறையைப் பார்த்தவருக்கு மதிப்பெண்

சிபிஎஸ்இ பள்ளிகளில் பதினோராம் வகுப்பில் ஓவியத்தைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைக்கு 70 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 30. அந்த 30 மதிப்பெண்ணுக்காக அவர்கள் சிந்துவெளி தொடங்கி அஜந்தா, மாமல்லபுரம், சோழர் செப்புத் திருமேனிகள் வரை படிக்கிறார்கள். பொதுத்தேர்வுக்கு விடைக்குறிப்பு மேலிருந்து வந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் தரும் நீண்ட கட்டுரைகளுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. எந்தக் கட்டுரைக்கு எத்தனை என்பதை ஆசிரியர் தம் மனத்திலுள்ள கணக்கைக் கொண்டே முடிவு செய்கிறார்.

அந்த மனக்கணக்கு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதை 1961-இல் அமெரிக்காவில் பால் டீடெரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எந்த அளவுகோலையும் கையில் கொடுக்கவில்லை. நூற்றுக்கு 94 கட்டுரைகளுக்கு ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்கள் விழுந்தன. ஒருவர் மிகச் சிறந்தது என்று வைத்த கட்டுரையையே இன்னொருவர் அடிமட்டத்தில் வைத்திருந்தார். படித்தவர்கள் கவனமில்லாமல் படித்ததால் இப்படி ஆகவில்லை. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் ஒழுங்கைப் பார்த்தார், ஒருவர் எழுத்துப் பிழையைப் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாததுதான் வினை.

கலை வரலாற்றுக் கட்டுரையில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்தக் கட்டுரை மாணவரிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறது. படைப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும், அது பிறந்த காலத்தைத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டையும் கொண்டு ஒரு கருத்தை நிறுவ வேண்டும். இங்கிலாந்தின் ஏ லெவல் கலை வரலாற்றுத் தேர்வும் இந்த மூன்றையே தன் மதிப்பீட்டு இலக்குகளாக வைத்திருக்கிறது. திருத்துகிறவருக்கு இவற்றில் மிக எளிதாகக் கண்ணில் படுவது இரண்டாவது. ஆண்டு சரியா, அரசன் பெயர் சரியா என்று டிக் போட்டுக்கொண்டே போகலாம். அதனால் மனப்பாடம் செய்தவர் முந்துகிறார். படத்தை உற்றுப் பார்த்து, தானாக ஒன்றைக் கண்டுபிடித்து, தட்டுத் தடுமாறி எழுதிய பிள்ளை பின்தங்கிவிடுகிறது. கலை வரலாற்றுக்கான அளவுகோல் நியாயமானதா என்று அறிய நான் வைக்கும் முதல் கேள்வி இதுதான்: பார்த்து எழுதியவர், படித்ததை ஒப்பித்தவரை இந்த அளவுகோலில் வெல்ல முடியுமா?

ஆசிரியர்கள் ரூப்ரிக் என்று சொல்லும் இந்த அளவுகோலை எப்படிக் கட்டுவது என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம். பதினோராம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கும் மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளலாம். சிலர் அதை அர்ஜுனன் தபசு என்கிறார்கள். 1914-இல் விக்டர் கோலுபெவ் என்ற ஆய்வாளர் அது கங்கை பூமிக்கு இறங்கும் காட்சி என்று வாதிட்டார். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாத விவாதம் என்பதுதான் நமக்கு வசதி. ‘சரியான விடை’ என்று ஒன்று இல்லாத இடத்தில்தான் அளவுகோல் எப்படிப்பட்டது என்பது வெளிப்படும்.

முதலில் கேள்வியையே திருத்த வேண்டும். ‘மாமல்லபுரத்துச் சிற்பம் பற்றி விரிவான கட்டுரை வரைக’ என்று கேட்டால், எவ்வளவு நல்ல அளவுகோலும் பயன்படாது. விரிவு என்றால் என்ன என்பதை மாணவர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் தவறினால் மதிப்பெண் போகும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: ‘இச்சிற்பம் காட்டுவது அர்ஜுனன் தவமா, கங்கையின் வருகையா? சிற்பத்தில் கண்ணுக்குத் தெரியும் சான்றுகளைக் கொண்டு உங்கள் முடிவை நிறுவுங்கள். உங்கள் முடிவுக்கு எதிரான சான்று ஒன்றையாவது எடுத்துப் பதில் சொல்லுங்கள்.’ இந்தக் கேள்வியைப் படித்தவுடனே எதற்கு மதிப்பெண் என்பது பாதி தெரிந்துவிடும்.

கேள்வித்தாளோடு இரண்டு விஷயங்கள் போக வேண்டும். ஒன்று, தெளிவான படங்கள். முழுப் பாறையின் படம் ஒன்று, நடுப்பிளவையும் தவசியையும் அருகில் காட்டும் படங்கள் இரண்டு. ஜெராக்ஸ் எடுத்த கறுப்பு நகலில் யானை தெரியும், யானையின் முன்னால் கைகளை உயர்த்தி நிற்கும் பூனை தெரியாது. சென்னைப் பிள்ளை மூன்று முறை நேரில் போய் வந்திருக்கும், வேறு ஊர்ப் பிள்ளை போயிருக்காது. இரண்டாவது, இரண்டு கதைகளும் நான்கைந்து வரிகளில். பகீரதன் தவம் இருந்து கங்கையை வரவழைத்ததும், இறங்கும் வேகத்தைத் தாங்கச் சிவனை வேண்டியதும் ஒரு கதை. அர்ஜுனன் பாசுபத அஸ்திரத்துக்காகத் தவம் இருந்ததும், சிவன் வேடனாக வந்ததும் இன்னொரு கதை. இவற்றை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் கேட்காமல் வளர்ந்த பிள்ளைக்கும் இடையே உள்ள தூரம் கலை வரலாற்று அறிவின் தூரம் அல்ல. கதை தெரியாததற்காக ஒரு மாணவரிடமிருந்து மதிப்பெண்ணைப் பிடுங்குவது அநியாயம்.

இனி அளவுகோல். மொத்தம் 20 என்று வைத்தால், பார்வைக்கு 6, வாதத்துக்கு 7, பின்புலத்துக்கு 4, மொழிக்கும் அமைப்புக்கும் சேர்த்து 3 என்று நான் பிரிப்பேன். நான்கு கூறுகள் போதும். எட்டு, பத்து என்று பிரித்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மையில், திருத்துகிறவர் ஐந்தாவது கூற்றைத் தாண்டியதும், மனத்தில் ஏற்கெனவே விழுந்த மொத்த அபிப்பிராயத்தையே மீதிக் கட்டங்களில் நிரப்பிக்கொண்டு போவார்.

பார்வைக்கு 6 என்றேனே, அதற்குள் படிநிலைகளை எழுதுவதுதான் கடினமான வேலை. ‘மிகச் சிறந்த கவனிப்பு’, ‘நல்ல கவனிப்பு’, ‘ஓரளவு கவனிப்பு’ என்று எழுதிவிட்டுப் போகும் அளவுகோல்கள் ஏராளம். அவற்றால் பயனில்லை, ஏனென்றால் எது மிகச் சிறந்தது என்ற பழைய சண்டை அப்படியே இருக்கிறது. படிநிலை என்பது தாளில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டும். 1 அல்லது 2: எந்தச் சிற்பத்துக்கும் பொருந்தும் பொதுவான வருணனை மட்டும். 3 அல்லது 4: இந்தச் சிற்பத்துக்கே உரிய கூறுகளைச் சரியாகப் பெயர் சொல்கிறார், ஆனால் பட்டியலாக. 5 அல்லது 6: அந்தக் கூறுகள் பாறையில் எங்கே இருக்கின்றன, எப்படிச் செதுக்கப்பட்டிருக்கின்றன, அப்படிச் செதுக்கியதால் கண் எங்கே போகிறது என்பதையும் சொல்கிறார்.

ஒரு சின்னச் சோதனை இங்கே கைகொடுக்கும். மாணவரின் வாக்கியத்தில் சிற்பத்தின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘சிற்பி தத்ரூபமாக, உயிரோட்டத்துடன் செதுக்கியுள்ளார்’ என்ற வாக்கியம் கோனார்க்குக்கும் பொருந்தும், கஜுராஹோவுக்கும் பொருந்தும். அது முதல் படி. ‘பாறையின் நடுவே இயற்கையாக உள்ள பிளவில் நாகர்கள் கைகூப்பியபடி மேலே எழுகிறார்கள், இரண்டு பக்கத்து உருவங்களும் அந்தப் பிளவை நோக்கியே திரும்பியிருக்கின்றன’ என்ற வாக்கியம் வேறெங்கும் பொருந்தாது. அது மேல்படி. இங்கே கலைச்சொல்லுக்குத் தனி மதிப்பெண் கிடையாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். புடைப்புச் சிற்பம் என்று எழுதினாலும், பாறை முகத்திலிருந்து உருவம் பாதி வெளியே வரும்படி செதுக்கியது என்று எழுதினாலும் ஒன்றுதான். சொல்லை மட்டும் எழுதிவிட்டு எதையும் காட்டாதவருக்கு எதுவும் இல்லை.

வாதத்தின் 7 மதிப்பெண்ணில் திருத்துகிறவர் விழும் பொறி வேறு. சான்றுகளை எண்ணத் தொடங்கிவிடுவார். மூன்று சான்று, மூன்று மதிப்பெண். ஆனால் சான்றின் எடை எண்ணிக்கையில் இல்லை, அது முடிவோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ‘தவசி ஒற்றைக் காலில் நிற்கிறார், ஆகவே அர்ஜுனன்’ என்பது பலவீனமான பிணைப்பு, ஏனென்றால் பகீரதனும் தவசிதான். அருகே சிவன் வரம் தரும் கையோடு நிற்பதும் இரண்டு கதைக்கும் ஒத்துவரும். பாறையின் உச்சியில் நீர் தேக்கி வைக்கும் தொட்டி இருந்ததற்கான தடயமும், பிளவின் அடியில் குளித்தெழுந்து துணி பிழியும் உருவமும் கங்கைப் பக்கம் இழுக்கின்றன. வில்லேந்திய வேடர்கள் அர்ஜுனன் பக்கம் இழுக்கிறார்கள். ஆகவே வாதத்தின் முதல் படி (1, 2) முடிவை அறிவிப்பது மட்டும். நடுப்படி (3, 4) சான்றை முடிவோடு இணைப்பது. மேல்படி (5 முதல் 7) அந்தச் சான்று மற்றக் கதைக்குப் பொருந்துமா என்று கேட்டு, எதிர்ச்சான்றுக்குப் பதில் சொல்வது. எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தாலும் 7 வாங்க முடியும் என்பதை அளவுகோலிலேயே ஒரு வரியாக அச்சடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியரின் நம்பிக்கை எதுவோ அது விடையாகிவிடும்.

பின்புலத்துக்கு 4 மட்டும் வைத்ததில் வரலாற்று ஆசிரியர்களுக்கு வருத்தம் இருக்கலாம். அந்த 4-க்கும் நான் ஒரு நிபந்தனை சேர்ப்பேன். தகவல் சரியாக இருந்தால் 2 வரை. அதை வாதத்துக்குப் பயன்படுத்தினால்தான் 3, 4. யுனெஸ்கோ 1984-இல் மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது சரியான தகவல்தான், ஆனால் அது இந்தக் கேள்விக்கு எதையும் சொல்லவில்லை. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியை வென்றவன், வென்ற அரசன் ஒரு வீரனின் தவத்தைத் தன் துறைமுக நகரில் செதுக்க விரும்பியிருக்கலாம் என்று ஒருவர் எழுதினால், அது பின்புலம் வேலை செய்யும் இடம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நரசிம்மவர்மனுக்குப் பதிலாக வேறு பல்லவன் பெயரை எழுதிவிட்டால், அந்தத் தவறுக்கான இழப்பு பின்புலத்தில் ஒருமுறை மட்டும். அதே பிழைக்காக வாதத்திலும் குறைத்து, மொழியிலும் குறைப்பது ஒரே குற்றத்துக்கு மூன்று தண்டனை.

மொழிக்கு 3. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் பள்ளிகளில் இந்த 3 பெரிய விஷயம். ஆசிரியர் சொல்ல வந்தது புரிகிறதா, பத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றனவா என்பதற்கு மட்டும் இந்த மதிப்பெண். கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் இதில் இடமில்லை.

இப்போது மூன்று மாணவர்கள் இந்தக் கேள்விக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாணவி நான்கு பக்கம், முத்து முத்தான எழுத்து. பல்லவர் வரலாறு, அரசர் வரிசை, யுனெஸ்கோ, பாறையின் நீளம் எல்லாம் சரி. சிற்பம் கண்ணைக் கவர்கிறது, அது அர்ஜுனன் தபசு என்றே மக்கள் அழைக்கிறார்கள், ஆகவே அர்ஜுனன்தான் என்று முடிக்கிறார். அளவுகோல் இல்லாமல் படித்தால் 15 போடத் தோன்றும். அளவுகோலில் பார்வைக்கு 1, வாதத்துக்கு 2, பின்புலத்துக்கு 2, மொழிக்கு 3. மொத்தம் 8.

இரண்டாவது மாணவர் ஒன்றரைப் பக்கம். வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன, பகீரதன் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நாகர்கள் எழும் பிளவைச் சொல்கிறார், விலா எலும்பு தெரியும் தவசியைச் சொல்கிறார், கைகளை உயர்த்தித் தவசியைப் போலவே நிற்கும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் சொல்கிறார். பக்கத்தில் சிவன் இருப்பது அர்ஜுனன் கதைக்கும் சரி, அதனால் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது, எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் முடிவு சொல்லும், எல்லாரும் பிளவைத்தான் பார்க்கிறார்கள் என்று எழுதுகிறார். பார்வைக்கு 6, வாதத்துக்கு 6, பின்புலத்துக்கு 1, மொழிக்கு 1. மொத்தம் 14. அளவுகோல் இல்லாமல் இவருக்கு 9 விழுந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மூன்றாவது மாணவி பார்த்ததை நன்றாகவே எழுதிவிட்டு, சிற்பம் இரண்டு கதையையும் குறிக்கலாம் என்று முடிக்கிறார். இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்துகிறார்கள். ஒருவர் வாதத்துக்கு 3 போடுகிறார், முடிவு எடுக்காமல் நழுவிவிட்டார் என்கிறார். மற்றவர் 6 போடுகிறார், இரட்டைப் பொருள் என்பதே ஒரு முடிவுதான் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்மா கைமல் என்ற கலை வரலாற்றாசிரியர், இந்தச் சிற்பத்தில் பொருள் வேண்டுமென்றே பலவாக விடப்பட்டிருக்கிறது என்று 1994-இல் வாதிட்டிருக்கிறார். ஆகவே அந்த முடிவைத் தள்ளவும் முடியாது.

இந்த இடத்தில் 3-ஐயும் 6-ஐயும் கூட்டி 4½ போடுவது பள்ளிகளில் நடக்கும் வழக்கம். அது தவறு. சராசரி, சண்டையை மறைத்துவிடும். அடுத்த தாளில் அதே சண்டை மறுபடி வரும், அப்போது திருத்துகிறவர் ஒருவர் மட்டும் இருந்தால் மாணவரின் மதிப்பெண் யார் கையில் தாள் போனது என்பதைப் பொறுத்துவிடும். செய்ய வேண்டியது அளவுகோலில் ஒரு வரி சேர்ப்பது: ‘இரண்டு பொருளும் உண்டு என்ற முடிவுக்கு, ஒரே உருவம் இரண்டு கதைக்கும் வேலை செய்யும் இடத்தைச் சுட்டினால் 7 வரை தரலாம், சுட்டாமல் இரண்டாகவும் இருக்கலாம் என்று மட்டும் எழுதினால் 3-க்கு மேல் இல்லை.’ அந்தப் பூனையே நல்ல எடுத்துக்காட்டு. பொய்த்தவம் இருக்கும் பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது, ஆனால் பூனை தவம் இருப்பது கங்கைக் கரையில். மாணவி அதைத் தொட்டிருந்தால் 6, தொடாவிட்டால் 3. இருவரும் இப்போது ஒரே எண்ணுக்கு வருவார்கள்.

இதனால்தான் அளவுகோலை எழுதியவுடன் வகுப்பு முழுவதற்கும் பயன்படுத்தக் கூடாது. பத்துத் தாள்களைப் பெயர் மறைத்து எடுத்து, இரண்டு பேர் தனியாகத் திருத்தி, கூறு கூறாக ஒப்பிட வேண்டும். மொத்தத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால், எந்தக் கூற்றில் பிரிந்தோம் என்று பார்த்து, அந்தக் கூற்றின் வாசகத்தைத் திருத்த வேண்டும். மொத்தம் ஒன்றாக இருந்தாலும் கூறுகள் வேறுபடலாம். ஒருவர் பார்வையில் கொடுத்ததை மற்றவர் வாதத்தில் கொடுத்திருப்பார். அப்படியானால் பார்வைக்கும் வாதத்துக்கும் நடுவே போட்ட எல்லை மங்கலாக இருக்கிறது என்று பொருள்.

திருத்தி முடித்தபின் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும், இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. ஒரு கூற்றுக்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்கினோம் என்பது ஒன்று, அது மாணவர்களை எவ்வளவு பிரிக்கிறது என்பது வேறு. பார்வைக்கு 6 ஒதுக்கியிருந்தும், ஆசிரியர் தயங்கித் தயங்கி எல்லாருக்கும் 4 போட்டு, மொழிக்கு மட்டும் 0 முதல் 3 வரை தாராளமாகப் பிரித்துப் போட்டால், வகுப்பில் யார் முன், யார் பின் என்பதை அந்த 3 மதிப்பெண் மொழிதான் தீர்மானிக்கிறது. தாளில் மொழிக்கு எடை குறைவு, நடைமுறையில் அதிகம். எந்தக் கூற்றில் எல்லாரும் ஒரே எண்ணில் குவிந்திருக்கிறார்களோ, அங்கே படிநிலைகளின் வாசகம் போதாது.

அளவுகோலுக்கு எல்லை உண்டு. அதை முன்கூட்டியே கையில் கொடுத்தால், சில பிள்ளைகள் ‘சான்று ஒன்று, சான்று இரண்டு, எதிர்ச்சான்று’ என்று அச்சு வார்த்ததுபோல் எழுதத் தொடங்குவார்கள். எதிர்ச்சான்று என்ற பெயரில் யாரும் சொல்லாத ஒன்றைக் கற்பித்து, அதை எளிதாக வீழ்த்திவிடுவார்கள். அதற்காக அளவுகோலை ஒளித்துவைப்பது தீர்வாகாது, ஒளித்தால் ட்யூஷனில் ஊகித்துச் சொல்லித்தரப்படும் பிள்ளைக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். மேல்படிக்கு, எடுத்துக்கொண்ட எதிர்ச்சான்று சிற்பத்தில் உண்மையில் இருப்பதாக வேண்டும் என்று எழுதினால் போதும். அதோடு, ஆசிரியரின் விடைக்குறிப்பில் இல்லாத ஒன்றை மாணவர் பார்த்திருந்தால், படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சரியென்றால் முழு மதிப்பெண் தர வேண்டும் என்ற வரியும் இருக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ள பாறையில் ஆசிரியர் பார்க்காத ஒன்றைப் பிள்ளை பார்ப்பது இயல்பு.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும், இரண்டு நல்ல ஆசிரியர்களுக்கு இடையே ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசம் இருந்தே தீரும். அதனால் தேர்ச்சிக் கோட்டுக்கு ஒட்டி நிற்கும் தாள்களை மட்டுமாவது இன்னொருவர் மறுபடி படிக்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தாளைத் திருப்பித் தரும்போது 14 என்று வட்டமிட்டு மட்டும் தராதீர்கள், 6, 6, 1, 1 என்று எழுதிக் கொடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளையின் கலை வரலாற்றுத் தாள் வீட்டுக்கு வந்தால் மொத்தத்தைப் பார்க்கும் முன், பார்வைக்கு எத்தனை விழுந்தது என்று பாருங்கள். அப்படி ஒரு கட்டமே தாளில் இல்லையென்றால், பள்ளியில் கேளுங்கள்.